யூடியூப் காணொலிகள்: எந்தத் தலைப்பை மாற்றி எழுத வேண்டும்? இம்ப்ரெஷன், கிளிக் விகிதம் காட்டும் வழி

யூடியூப் சேனல் நடத்துவோர் பலரும் பார்வைகள் குறைந்த காணொலியின் தலைப்பையே முதலில் மாற்றுகின்றனர். ஆனால், பார்வைகள் குறைந்ததற்குத் தலைப்பு காரணமா, அல்லது அந்தக் காணொலி யார் கண்ணிலும் படவே இல்லையா என்பதைப் பார்வை எண்ணிக்கையால் மட்டும் அறிய முடியாது. அதைப் பிரித்துக் காட்டுபவை யூடியூப் ஸ்டுடியோவின் அனலிட்டிக்ஸ் பக்கத்தில் உள்ள இம்ப்ரெஷன், கிளிக் விகிதம் ஆகிய இரு அளவுகள்.

காணொலியின் முகப்புப் படம் (தம்ப்நெயில்) ஒருவரது திரையில் குறைந்தது பாதியளவு தெரிந்து, ஒரு விநாடிக்கு மேல் நின்றால் அது ஓர் இம்ப்ரெஷன். அவ்வாறு காட்டப்பட்டவற்றில் எத்தனை சதவீதம் பார்வையாக மாறியது என்பதே கிளிக் விகிதம். வாட்ஸ்ஆப்பில் பகிரப்பட்ட இணைப்பு, பிற இணையதளங்களில் பதிக்கப்பட்ட காணொலி, கைப்பேசி அறிவிப்பு, காணொலியின் இறுதித் திரை ஆகியவற்றின் வழியே வருவோர் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. எனவே இம்ப்ரெஷனைக் கிளிக் விகிதத்தால் பெருக்கி வரும் தொகை மொத்தப் பார்வைகளைவிடக் குறைவாக இருப்பது பிழையன்று.

பாதிச் சேனல்கள், காணொலிகளின் கிளிக் விகிதம் 2 முதல் 10 சதவீதத்துக்குள் அமைவதாக யூடியூப் தெரிவிக்கிறது. இவ்வளவு அகன்ற வரம்பை வைத்து எந்தத் தலைப்பையும் நல்லது, கெட்டது என்று முடிவு செய்ய இயலாது. ஒரு காணொலியை அதே சேனலின் பிற காணொலிகளோடு, அதுவும் ஒரே வழியாகக் கிடைத்த இம்ப்ரெஷன்களோடு ஒப்பிடும்போதுதான் விகிதத்துக்குப் பொருள் கிடைக்கிறது.

பெங்களூருவிலிருந்து மாடித்தோட்டம் குறித்துத் தமிழில் காணொலி வெளியிடும் ஒரு சேனலைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். கடந்த 90 நாள்களில் அதன் மூன்று காணொலிகள் குறைந்த கிளிக் விகிதத்தைக் காட்டுகின்றன. முதலாவது, மாடியில் கீரை வளர்ப்பது பற்றியது: 2,10,000 இம்ப்ரெஷன், 2.4 சதவீதம். இரண்டாவதன் தலைப்பு ‘மாடித்தோட்டம் - பகுதி 14’: 38,000 இம்ப்ரெஷன், 1.9 சதவீதம். மூன்றாவது, பழைய வாளியில் புதினா நடுவது: 900 இம்ப்ரெஷன், 2.1 சதவீதம். மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றுமே தலைப்பு மாற்றத்துக்கு உரியவையாகத் தோன்றும். உண்மையில் ஒன்றே ஒன்றுதான் அதற்கு உரியது.

புதினாக் காணொலியை முதலில் விலக்கிவிடலாம். 900 இம்ப்ரெஷனில் 2.1 சதவீதம் என்பது வெறும் 19 கிளிக். தற்செயலாகப் பத்துப் பேர் கூடுதலாகத் தொட்டிருந்தால் விகிதம் 3 சதவீதத்தைத் தாண்டியிருக்கும். இதன் குறை, காணொலி போதிய அளவு காட்டப்படாததே. இம்ப்ரெஷன் சில ஆயிரங்களை எட்டும்வரை இதன் விகிதத்தைக் கொண்டு முடிவெடுப்பது வீண்.

கீரைக் காணொலியின் நிலை வேறு. வெளியான முதல் வாரத்தில் அது 6,000 இம்ப்ரெஷனும் 7 சதவீத விகிதமும் பெற்றிருந்தது. அப்போது அதைப் பெரும்பாலும் கண்டவர்கள் சேனலின் வழக்கமான பார்வையாளர்கள். பின்னர் யூடியூப் அதைத் தனது முகப்புப் பக்கத்தில் சேனலை அறியாதவர்களுக்கும் காட்டத் தொடங்கியது. கூட்டம் பெருகப் பெருக விகிதம் சரிவது இயல்பு. அனலிட்டிக்ஸின் விரிவான பகுதிக்குச் சென்று, பார்வையாளர்கள் வந்த வழியைக் காட்டும் ‘டிராஃபிக் சோர்ஸ்’ அட்டவணையைத் திறந்தால் இது தெளிவாகும். முகப்புப் பக்கத்தில் 1,90,000 இம்ப்ரெஷனுக்கு 2 சதவீதம்; தேடலில் 20,000 இம்ப்ரெஷனுக்கு 6.5 சதவீதம். கீரை வளர்ப்பைத் தேடி வந்தவர்கள் இந்தத் தலைப்பைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கின்றனர். சரிவைக் கண்டு அஞ்சி இந்தத் தலைப்பை மாற்றுவோர், நன்றாக ஓடும் காணொலியைத் தாமே கெடுத்துக்கொள்ள நேரும். இத்துறையில் அடிக்கடி நிகழும் தவறும் இதுவே.

எஞ்சியது ‘பகுதி 14’. அதே அட்டவணையில், முகப்புப் பக்கத்திலும் பரிந்துரைகளிலும் கிடைத்த 16,000 இம்ப்ரெஷனுக்கு 2.6 சதவீதம் வந்துள்ளது. இது சேனலின் பிற காணொலிகளுக்கு இணையானதே. தேடலில் கிடைத்த 22,000 இம்ப்ரெஷனுக்கோ 1.4 சதவீதம் மட்டுமே. சேனலின் பிற காணொலிகள் தேடலில் 5 முதல் 6 சதவீதம் பெறுகின்றன. குறை எங்கே என்பது இங்கு வெளிப்படுகிறது.

தேடலின் வழியே வந்த சிலர் தட்டச்சு செய்த சொற்களையும் அட்டவணை காட்டுகிறது: ‘மண் கலவை’, ‘தேங்காய் நார்க்கழிவு எவ்வளவு’. காணொலியின் உள்ளடக்கமும் அதுவே. தேடுவோர் முன் யூடியூப் அதைச் சரியாகவே நிறுத்துகிறது. ஆனால் ‘பகுதி 14’ என்ற தலைப்பில் அவர்கள் தேடிய சொல் இல்லை. எட்டு நிமிடக் காணொலியைத் திறந்தவர்கள் சராசரியாக ஐந்து நிமிடங்களுக்கு மேல் பார்த்துள்ளனர் என்பதும் கவனத்துக்குரியது. உள்ளே வந்தவர்கள் நிலைக்கின்றனர், வாசலில்தான் தடை. திறந்தவர்கள் அரை நிமிடத்தில் வெளியேறியிருந்தால், தலைப்பை மெருகேற்றுவதால் பயன் இருந்திருக்காது.

மாற்றத்தின் பலனை முன்கூட்டியே மதிப்பிடவும் முடியும். தேடலின் விகிதம் 1.4-லிருந்து 5 சதவீதமாக உயர்ந்தால், 22,000 இம்ப்ரெஷனுக்கு ஏறத்தாழ 790 கிளிக் கூடுதலாகக் கிடைக்கும். புதினாக் காணொலியின் விகிதம் 5 சதவீதமாக உயர்ந்தாலும் கூடுதலாகக் கிடைப்பது முப்பது கிளிக்கைத் தாண்டாது. மாற்ற வேண்டிய தலைப்புகளின் வரிசையை விகிதம் மட்டும் தீர்மானிப்பதில்லை. இம்ப்ரெஷனும், வழக்கமான விகிதத்திலிருந்து உள்ள இடைவெளியும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

புதிய தலைப்பு ‘மாடித்தோட்ட மண் கலவை: தேங்காய் நார்க்கழிவு எவ்வளவு சேர்க்கலாம்?’ என்று அமையலாம். பகுதி எண் தேவையெனில் இறுதியில் சேர்க்கலாம். கைப்பேசியில் நீண்ட தலைப்பின் பின்பகுதி மறைந்துவிடும் என்பதால், தேடப்படும் சொல் முன்னால் நிற்பது நலம். தலைப்பை மாற்றும்போது முகப்புப் படத்தையும் சேர்த்து மாற்றினால், விளைந்த பயன் எதனால் என்று பின்னர் கூற இயலாது. மாற்றிய நாளைக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய 28 நாள்களையும் பிந்தைய 28 நாள்களையும் தேடல் வழியில் மட்டும் ஒப்பிட வேண்டும். மழைக்காலத் தொடக்கம் போன்று தேடல் பெருகும் பருவம் இடையில் வந்தால் இம்ப்ரெஷன் தானாகவே கூடும் என்பதால், கிளிக் எண்ணிக்கையைவிட விகிதத்தையே நோக்குவது பொருத்தம்.

அத்துடன் சராசரிப் பார்வை நேரத்தையும் கவனிக்க வேண்டும். கிளிக் விகிதம் உயர்ந்து, பார்வை நேரம் ஐந்து நிமிடத்திலிருந்து இரண்டாகச் சரிந்தால், காணொலியில் இல்லாத ஒன்றைத் தலைப்பு வாக்களிக்கிறது என்றே கொள்ள வேண்டும். முகப்புப் படங்களை ஒன்றுக்கொன்று ஒப்பிட்டுச் சோதிக்க யூடியூப் வழங்கும் வசதியிலும் வெற்றி பெறும் படத்தைத் தீர்மானிப்பது பார்வை நேரமே. கிளிக் விகிதம் அன்று.

ஷார்ட்ஸ் காணொலிகளுக்கு இந்த முறை பொருந்தாது. அவை வரிசையாகத் தாமே ஓடுவதால் தலைப்பைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு பெரும்பாலும் இல்லை. பார்த்தவர்கள் எத்தனை பேர், தள்ளிவிட்டுச் சென்றவர்கள் எத்தனை பேர் என்ற வேறொரு அளவையே அவற்றுக்கு யூடியூப் காட்டுகிறது.