மேசையா, பீடமா?

இங்கிலாந்தில் 1642இல் மூண்ட உள்நாட்டுப் போருக்கு வரிப் பிணக்கும் நாடாளுமன்ற உரிமையும் காரணங்கள் என்பர். அது மெய்யே. ஆயினும் மன்னருக்கென ஒரு கட்சியைத் திரட்டித் தந்து, வழக்கைப் போராக மாற்றியது சமயப் பூசலேயாம்.

எட்டாம் ஹென்றி 1534இல் போப்பின் தலைமையை விலக்கினார். 1559இல் எலிசபெத் அரசியார் திருச்சபையை நிலைநிறுத்தியபோது கோட்பாடு மாறியது. ஆயர் பதவியும் சடங்குகள் சிலவும் பழையபடியே நின்றன. சீர்திருத்தம் பாதி வழியில் நின்றுவிட்டது எனக் கருதியோரே பியூரிட்டானியர் எனப்பட்ட தூய்மைவாதிகள். ஞானஸ்நானத்தில் சிலுவைக்குறி இடுதலும் குருவின் வெள்ளங்கியும் வேண்டா என 1603இல் அவர்கள் முதலாம் ஜேம்ஸ் மன்னரிடம் விண்ணப்பித்தனர். மறு ஆண்டு ஹாம்ப்டன் கோர்ட் மாநாட்டில், ஆயர் பதவி வீழ்ந்தால் அரியணையும் வீழும் என்று கருதிய மன்னர், அக்கோரிக்கைகளில் பெரும்பாலானவற்றை மறுத்தார்.

1633இல் பேராயரான வில்லியம் லாட், முதலாம் சார்லஸின் துணையுடன் எதிர்த்திசையில் சென்றார். அதுவரை பல ஊர்களில் திருவிருந்து மேசையை ஆலயத்தின் நடுப்பகுதிக்குக் கொணர்ந்து மக்கள் சூழ அமர்வது வழக்கம். லாட் அதனைக் கீழ்க்கோடியில் நிலையாக வைத்து, முன்னே கிராதி அடைத்து, மக்கள் முழந்தாளிட்டுப் பெறுமாறு செய்தார். நாய்கள் நுழையாது தூய்மை காக்கவே என்றனர் அவர் தரப்பினர். தூய்மைவாதிகளோ, மேசை பீடமானால் விருந்து பலியாகும், பலியானால் ரோமாபுரி மீளும் என்று அஞ்சினர். அரசியார் கத்தோலிக்கர் என்பது அவ்வச்சத்தை வளர்த்தது.

1637இல் ஸ்காட்லாந்திலும் புதிய வழிபாட்டு நூல் திணிக்கப்பட, அந்நாடு கிளர்ந்தெழுந்தது. போருக்குப் பணமின்றி, பதினோராண்டு கூட்டாதிருந்த நாடாளுமன்றத்தை மன்னர் 1640இல் கூட்ட நேர்ந்தது. அவ்வாண்டு வடக்கே சென்ற படைவீரர்களே வழியிலுள்ள ஆலயங்களின் கிராதிகளைப் பெயர்த்து எரித்தனர்.

தொடக்கத்தில் மன்றத்தார் ஏறத்தாழ ஒருமுகமாக மன்னரை எதிர்த்தனர். 1640 டிசம்பரில், ஆயர் பதவியை வேரோடு களையுமாறு ஏறத்தாழ 15,000 இலண்டன் மக்கள் கையொப்பமிட்ட விண்ணப்பம் வந்தபின் நிலை மாறலாயிற்று. வரியை வெறுத்தும் பழைய வழிபாட்டை நேசித்தோர் மெல்ல மன்னர் பக்கம் சாய்ந்தனர். 1641 அக்டோபரில் அயர்லாந்துக் கத்தோலிக்கர் எழுந்தபோது, அதை அடக்கும் படையை மன்னரிடம் ஒப்படைப்பதா என்ற வினா பிறந்தது. நவம்பரில் மன்னர்மீதான குற்றச்சாட்டுப் பட்டியல் 159க்கு 148 என்ற வாக்குகளிலேயே நிறைவேறியது. 1642 ஆகஸ்டு 22இல் நாட்டிங்காமில் போர்க்கொடி ஏறியது.

வென்றோரும் ஒன்றுபட்டாரல்லர். ஆயர் இடத்தில் மூப்பர் மன்றமா, சபைதோறும் தன்னுரிமையா என்பதில் பிளவுண்டனர். 1649இல் மன்னர் தலை வீழ்ந்தது. 1660இல் முடியாட்சி மீண்டது. 1662இல் ஆயர்களின் வழிபாட்டு நூலே மீண்டும் சட்டமாக, ஏறத்தாழ 2,000 போதகர்கள் பதவி இழந்தனர். 1680இல் சென்னைக் கோட்டையில் திறக்கப்பட்ட புனித மேரி ஆலயத்திற்குக் கடல் கடந்து வந்ததும், அவ்வாறு மீண்ட திருச்சபையின் வழிபாடே.