கற்பூரம் அணையறதுக்குள்ள ஒரு பாட்டு

போன மாசம் வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு பிரசாதம் கொடுத்துக்கிட்டு இருந்தப்போ, ஒரு குடும்பம் எங்களிடம் வந்து ஒரு விஷயம் கேட்டாங்க. அவங்க வீட்டுல பாட்டி இருந்தவரைக்கும் தினமும் விளக்கு காட்டும்போது பாடுவாங்களாம். பாட்டி போய் ஒரு வருஷம் ஆகப் போகுது. இப்போ கைப்பேசியில பாட்டு போடுறாங்க. பாட்டு ஆறு நிமிஷம் ஓடுது, கற்பூரம் ஒரு நிமிஷத்துல அணைஞ்சுடுது, மீதி ஐந்து நிமிஷம் யாரும் யாரையும் பார்க்காம நிக்கிறோம் என்றார் அந்த அம்மா. திதிக்குள்ள பிள்ளைங்களும் சேர்ந்து பாடற மாதிரி சின்னதா ஒரு பாட்டு இருந்தா நல்லா இருக்கும் என்றார். பெரிய பிள்ளைக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. சின்னவளுக்கு நாலு வயசு.

இருக்கிற பாட்டு ஒண்ணை எடுத்துச் சுருக்கிக் கொடுத்திருக்கலாம்தான். ஆனால் விளக்குப் பாட்டு எப்படி இந்த உருவத்துக்கு வந்தது என்று பார்த்துவிட்டு எழுதினால் வழி தெரியும் என்று நாங்கள் நாலு பேர் உட்கார்ந்தோம். அதில் கிடைத்ததைத்தான் இங்கே பகிர்கிறோம்.

முதலில் பெயர். ஆரத்தி என்ற சொல்லை ‘ஆராத்ரிகம்’ என்ற வடசொல்லில் இருந்து வந்ததாகச் சொல்வார்கள். உள்ளே ராத்திரி இருக்கிறது பாருங்கள். கர்ப்பகிரகம் இருட்டான அறை. விளக்கை உயர்த்தினால்தான் சாமி முகம் தெரியும். பாதத்தில் இருந்து முகம் வரைக்கும் சுடர் நகர்கிற அந்தச் சில நொடிதான் தரிசனம். பாட்டு அந்த நொடிகளோடு கூடப் போகணும், அதைத் தாண்டி ஓடக் கூடாது.

தமிழில் இதற்கு ரொம்பப் பழைய முன்மாதிரி ஒன்று பெரியாழ்வாரிடம் இருக்கிறது. பெரியாழ்வார் திருமொழியில் காப்பிடும் பதிகம். அந்தி நேரம், வெளியே விளையாடும் கண்ணனை யசோதை திருஷ்டி கழிக்கக் கூப்பிடுகிறாள். ஆழ்வார் அதைத் திருவெள்ளறைப் பெருமாளிடம் பாடுகிறார். முன்னால் வரும் வரிகளில் காட்சி மாறிக்கொண்டே இருக்கும், முடிவில் மட்டும் அந்த ஒரே அழைப்பு திரும்பத் திரும்ப வரும். பிள்ளையைச் சாயங்காலம் வீட்டுக்குள்ளே கூப்பிட்ட எந்த அம்மாவுக்கும் இது தெரியும். பத்து விதமாகச் சொல்லுவாங்க, கடைசியில “வா” என்பது மட்டும் மாறாது.

இதே அமைப்புத்தான் பல நூறு வருஷம் கழித்து மராட்டிய நாட்டில் பெரிய வழக்கமாக வளர்ந்தது. சமர்த்த ராமதாசர் (1608–1681) பாடியதாக வழங்கும் பிள்ளையார் ஆரத்தி இன்றைக்கும் மகாராஷ்டிராவில் விநாயகர் சதுர்த்திக்கு வீடு வீடாக ஒலிக்கிறது. அதில் மூன்று கண்ணிகள். ஒவ்வொன்றும் முடிந்தவுடன் எல்லாரும் சேரும் ஒரு ஜெய கோஷ அடி. கண்ணி தெரியாதவர்கள் தாளம் தட்டிக்கொண்டு காத்திருப்பார்கள், அந்த அடி வந்ததும் கூரை அதிரும். வடக்கே 1870 வாக்கில் பஞ்சாபின் பில்லௌரைச் சேர்ந்த பண்டிதர் ஷிரத்தாராம் எழுதிய ‘ஓம் ஜெய் ஜகதீஷ் ஹரே’யும் அதே வழிதான். நம்ம நாட்டு வட இந்தியக் கோயில்களில் கேட்டிருப்பீங்க. ஆனால் அதை முழுதாகப் பாட நாலைந்து நிமிஷம் வேணும். கோயிலில் பல அடுக்குத் தீபம், நெய்த்திரி என்று வரிசையாக வரும், அதனால் பொருந்தும். வீட்டில் ஒரு கட்டிக் கற்பூரத்துக்கு அது நீளம்.

எங்களுக்கு உண்மையில் வழி காட்டியது வள்ளலார்தான். வடலூர் சத்திய ஞான சபையில் 1872 தைப்பூசத்தன்று முதல் ஜோதி தரிசனம். ஏழு திரை விலக, உள்ளே ஒரு தீபம், அவ்வளவுதான். அந்த ஜோதிக்கு அவர் கொடுத்த மகா மந்திரம் நம் எல்லாருக்கும் தெரியும். அதை எழுத்தெழுத்தாகப் பார்த்தபோதுதான் கவனித்தோம். நாலு இடம், அதில் மூன்று இடத்தில் ஒரே தொடர், ஒரே ஒரு இடத்தில் மட்டும் வேறு தொடர். கூட்டத்தில் நிற்கும் பிள்ளை முதல் தடவை கேட்கும்போதே முக்கால்வாசி மந்திரத்தைக் கற்றுக்கொண்டுவிடும். பத்துமலைப் படியில் ஒருத்தர் “வேல் வேல்” என்றவுடன் அறியாத ஆட்களும் பதில் கொடுப்பதும் இதனால்தானே.

ஆகவே எங்கள் திட்டம் இதுதான்: மாறாத ஒரு அடி, எல்லாரும் பாட. மாறுகிற அடி ஒவ்வொன்றும் ஒரே வரி, ஒருத்தர் பாட.

அடுத்தது நேரம். அந்த அம்மாவை வீட்டில் வழக்கமாக ஏற்றும் கற்பூரத்தை ஏற்றிக் கடிகாரம் பார்க்கச் சொன்னோம். மூன்று நாள் பார்த்து, ஒரு நிமிஷத்துக்குச் சற்றே அதிகம் என்றார். கடைசி பத்து நொடி எல்லாரும் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேணும். எனவே பாட்டுக்கு ஐம்பது நொடி. ஒரு நொடிக்கு ஒரு கைத்தட்டு, ஒரு வரிக்கு நாலு தட்டு என்று வைத்தோம். எல்லாரும் பாடும் அடி தொடக்கத்தில் இரண்டு தடவை, எட்டு நொடி. பிறகு ஒருத்தர் ஒரு வரி, எல்லாரும் அந்த அடி, இப்படி நாலு முறை, முப்பத்திரண்டு நொடி. முடிவில் அடி மறுபடி இரண்டு தடவை, கொஞ்சம் மெதுவாக, பத்து நொடி. கூட்டினால் சரியாக ஐம்பது.

குலதெய்வம் முருகன். அதனால் எல்லாரும் பாடும் அடி இப்படி அமைந்தது:

ஒளியே வருவாய் ஓம் முருகா

இதை ஒளியே / வருவாய் / ஓம்முரு / கா என்று நாலாகத் தட்டிப் பாருங்க. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு, ஒற்றுடன் நிற்கும் குறிலும் பாட்டில் இரண்டு என்று எண்ணினால் ஒவ்வொரு தட்டுக்கும் நாலு மாத்திரை வரும். கடைசித் தட்டில் ‘கா’ மட்டும் நின்று ஓய்கிறது. அந்த ஓய்வில்தான் அடுத்த ஆள் மூச்சு வாங்கி வரியைத் தொடங்க முடியும். முதலில் நாங்கள் எழுதியது ‘வேல்முருகா நீ ஒளியாய் வருவாய்’ என்று. அர்த்தம் நல்லா இருந்தது, ஆனால் கடைசித் தட்டு வரைக்கும் எழுத்து நிரம்பி இருந்ததால் மூச்சு வாங்க இடமே இல்லை. இரண்டாவது சுற்றிலேயே எல்லாரும் முந்திக்கொண்டு ஓடினார்கள்.

மாறும் வரிகளில் வீட்டு ஆட்களையே வைத்தோம். அவரவர் வரியை அவரவரே பாடலாம், மறக்காது. அம்மா வரியை முதலில் ‘அம்மா ஏற்றிய விளக்கினிலே’ என்று எழுதினோம். பேச்சில் சரியாக இருக்கும் இந்த வரி பாட்டில் தடுக்கியது. எண்ணிப் பார்த்தால் ‘விளக்கினி’ ஐந்து மாத்திரை. ஒரு மாத்திரை அதிகம், அதனால் ‘லே’ தாமதமாக விழுந்து, பின்னால் வரும் எல்லாரும் தட்டை விட்டார்கள். ‘சுடரினிலே’ என்று மாற்றியதும் வழுக்கிக்கொண்டு போனது. கடைசியில் நாலு வரியும் இப்படி நின்றன:

அம்மா ஏற்றிய சுடரினிலே
அப்பா கூப்பிய கைகளிலே
பாட்டி பாடிய பாட்டினிலே
பிள்ளை பேசிய மழலையிலே

எங்கள் குழுவில் தமிழாசிரியராக இருந்த ஒரு அண்ணன், ‘பாட்டி’ மூன்று மாத்திரைதானே, அதுவும் குறைதானே என்று கேட்டார். கேள்வி நியாயம். ஆனால் பாடிப் பார்த்தால் குறைவு இடிக்கவில்லை. குரல் தானாகவே ‘பாட்டீ’ என்று இழுத்துக்கொள்கிறது. அதிகமானதைத் திணிக்க முடியாது, குறைந்ததை இழுக்க முடியும். ‘மழலை’யில் வரும் ஐகாரமும் சொல்லின் கடைசியில் குறுகித்தான் ஒலிக்கும் என்பதால் அங்கேயும் சிக்கல் இல்லை. பாட்டி வரியை யார் பாடுவது என்பதுதான் கொஞ்ச நேரம் பேச்சாக இருந்தது. தாத்தா பாடுகிறேன் என்றார். அந்த இழுவை அவர் குரலில் வரும்போது யாரும் அதைக் குறை என்று சொல்லவில்லை.

மெட்டுக்கு ராகம் என்று பெரிதாக எதுவும் வைக்கவில்லை. கச்சேரியை மத்யமாவதியில் முடிப்பது வழக்கம். பழகிய காதுக்கு அது முடிவு மாதிரி ஒலிக்கும் என்பதால் அந்தச் சாயலை மட்டும் எடுத்துக்கொண்டு ஐந்து ஸ்வரத்துக்குள் நிறுத்தினோம். அப்பா சுருதி ஒன்று, பிள்ளை சுருதி ஒன்று. பிள்ளைக்கு வசதியான இடத்தில் தொடங்கினால் அப்பா ஒரு ஸ்தாயி கீழே சேர்ந்துகொள்வார். அப்பா வசதிக்குத் தொடங்கினால் பிள்ளை குரல் காணாமல் போகும். இதை முதல் ஒத்திகையிலேயே பார்த்துவிட்டோம்.

நாங்கள் எதிர்பார்க்காத தொல்லை மணியில் வந்தது. பூஜை மணியை நாம் எல்லாரும் விடாமல் கிணுகிணுவென்று ஆட்டித்தான் பழக்கம். அப்படி ஆட்டினால் தட்டு கேட்கவே இல்லை, பாட்டு கரைந்துவிட்டது. பெரியவனிடம் மணியைக் கொடுத்து, ஒரு வரிக்கு நாலு அடி மட்டும் என்று சொன்னோம். தமிழ் படிக்க வராத அவனே இப்போ வீட்டில் தாளக்காரன். விளக்கு சுற்றும் அம்மாவுக்கும் அது உதவியாக இருக்கிறது. ஒரு வரிக்கு ஒரு சுற்று, வலமாக. தொடக்கமும் முடிவும் சேர்த்தால் பன்னிரண்டு சுற்றில் பாட்டு நிற்கிறது.

திதி போன செவ்வாய்க்கிழமை. எங்களில் இரண்டு பேர் போயிருந்தோம். தாத்தா தன் வரியில் நேரம் எடுத்துக்கொண்டார், மூன்று நாலு நொடி கூடவே போயிருக்கும், பையன் மணியை நிறுத்திக் காத்திருந்தான். கடைசி அடி முடியும்போது கற்பூரத்தில் சின்னதாகச் சுடர் இருந்தது, எல்லாரும் தொட்டுக்கொண்டார்கள். நாலு வயசு பிள்ளை மட்டும் தன் வரிக்குப் பதிலாக அம்மா வரியையும் சேர்த்துப் பாடிவிட்டு, விளக்கு அணைந்த பிறகும் “இன்னொரு தடவை” என்று அழுதாள். இன்னொரு கட்டி ஏற்ற வேண்டியதாயிற்று.