சீட்டுக் கலைத்தல்: ரிஃபிள் முறை

கட்டை இரண்டாகப் பிரித்து, இரு பாதிகளையும் விரலால் சரியவிட்டு ஒன்றுக்குள் ஒன்று விழச் செய்வது ரிஃபிள் கலைப்பு. 52 சீட்டும் நன்கு கலைய ஏறத்தாழ ஏழு முறை வேண்டும் என்று டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் 1992இல் காட்டினர். ஒரு கலைப்பில் பழைய வரிசை இரண்டு இழைகளாகப் பிரிகிறது. ஆனால் ஓர் இழைக்குள் சீட்டுகள் முன்பின் மாறுவதில்லை. ஒவ்வொரு கலைப்பும் இழைகளை அதிகபட்சம் இரட்டிப்பாக்கும். ஐந்து முறையில் 32க்கு மேல் போகாது. கட்டு முழுவதும் தலைகீழாக 52 இழைகள் தேவை. எனவே ஐந்து கலைப்பில் அந்த வரிசை வரவே வராது. முழுக் கலப்பிலிருந்து உள்ள விலகல், 1 என்னும் உச்ச அளவில், ஐந்தில் 0.92; ஏழில் 0.33, பத்தில் 0.04. ஏழுக்குப் பிறகும் கொஞ்சம் எஞ்சுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நம்மூர் ரம்மியில் இரண்டு கட்டுகள் சேர்வதால் இன்னும் ஒன்றிரண்டு கலைப்பு கூடும். கொத்துக் கொத்தாக எடுத்துப் போடும் வழக்கமான கலைப்போ இதைவிட மிக மிக மெதுவானது.