வளைந்த கோடும் செயல்குன்றாத நொதியும்: 340 நானோமீட்டர் அளவீட்டில் ஒரு மறுவாசிப்பு

ஈஸ்ட்டின் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ், எத்தனாலை அசிட்டால்டிஹைடாக்கும்போது உண்டாகும் என்ஏடிஎச்சை 340 நானோமீட்டரில் பின்தொடர்ந்தால், உட்கவர்வுக் கோடு நேராக ஏறி, வளைந்து, பிறகு படுத்துவிடுகிறது. குவெட்டுக்குள் நொதி செயலிழப்பதே இதற்குக் காரணம் என்ற விளக்கம் தொடர்ந்து முன்வைக்கப்படுகிறது. நடுநிலை பி.எச்.சில் எடுத்த கோடுகளுக்கு அந்த விளக்கம் பொருந்தாது என்றே கருதுகிறேன்.

வினையில் ஒரு ஹைட்ரஜன் அயனியும் வெளிப்படுவதால், சமநிலை பி.எச்.சைச் சார்ந்தது. அயனியைச் சேர்த்துக் கணக்கிட்ட சமநிலை மாறிலி ஏறத்தாழ 10⁻¹¹ மோலார். எத்தனால் 100 மில்லிமோலார், என்ஏடி 1 மில்லிமோலார், பி.எச். 7 என்று கொள்வோம். சுமார் 95 மைக்ரோமோலார் என்ஏடிஎச் சேர்ந்ததும் வினை சமநிலையை எட்டிவிடும். மோலார் உட்கவர்வுக் குணகம் 6220, ஒளிப்பாதை 1 செ.மீ. எனில் இது 0.59 உட்கவர்வு. என்ஏடியில் பத்தில் ஒன்பது பங்கு மீந்திருக்கும்போதே கோடு படுத்துவிடும். பார்ப்பவருக்கு நொதி செத்ததாகத் தோன்றும். பி.எச். 9இல் அதே கலவையின் சமநிலை 600 மைக்ரோமோலாருக்கு மேல். நொதி எவ்வளவு திடமாக இருந்தாலும் 0.59இல் நின்றாக வேண்டும் என்பதே பி.எச். 7இன் நிலை.

இரு விளக்கங்களையும் பிரித்தறிய எம்.ஜே. செல்வின் 1965இல் தந்த சோதனை போதும். நொதியின் அளவை மட்டும் மாற்றிச் சில கோடுகள் எடுத்து, விளைபொருளை நேரத்துக்கு எதிராக வரையாமல், நொதியளவையும் நேரத்தையும் பெருக்கிய எண்ணுக்கு எதிராக வரைய வேண்டும். விளைபொருளின் எதிர்விசைதான் காரணமென்றால் எல்லாக் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும். நொதி தானாகச் செயலிழந்தால் அவை பிரியும். நொதி குறைந்த கோடு கீழே தங்கும். இரட்டிப்பு நொதி இட்டபோதும் மட்டம் அதே 0.59இல் நின்றால் செயலிழப்பு வாதத்துக்கு இடமில்லை. படுத்த கோட்டில் செமிகார்பசைடு சேர்த்தால் அது அசிட்டால்டிஹைடைப் பிடித்துக்கொள்ளும். கோடு மீண்டும் ஏறும். இறந்த நொதியால் அது நிகழாது.

ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். மிகவும் நீர்த்த நொதி கண்ணாடிச் சுவரில் ஒட்டி உண்மையாகவே செயலிழக்கக்கூடும். அப்போது கோடுகள் பிரியும், அந்தத் தரவை நான் மறுக்கமாட்டேன். விளக்கின் நகர்வே வளைவுக்குக் காரணம் என்பாரும் உண்டு. நொதியில்லா வெற்றுக் குவெட் அதற்கு உடனே விடை தந்துவிடும்.

எனவே வேகத்தைக் கோட்டின் தொடக்கப் பகுதியில், விளைபொருள் சமநிலை அளவின் சிறு பங்கைத் தாண்டுமுன் எடுக்க வேண்டும். நிமிடத்துக்கு 0.062 ஏற்றம் என்றால் அது நிமிடத்துக்கு 10 மைக்ரோமோலார், 3 மி.லி. கலவையில் 30 நானோமோல். பி.எச். 9உம் செமிகார்பசைடும் இருந்தால் நேர்ப்பகுதி நீளும். ஒரே நொதியளவில் பி.எச். 7இல் எடுத்த ஒற்றைக் கோட்டிலிருந்து கணக்கிட்ட செயலிழப்பு வேகங்களை, செல்வின் சோதனையால் உறுதிசெய்யாதவரை, நொதியின் பண்பாக ஏற்க இயலாது.