1900 எந்த நூற்றாண்டு? நெகிரி செம்பிலான் தோட்ட வரலாற்றின் ஓர் எல்லைச் சிக்கல்

நெகிரி செம்பிலான் தோட்டங்களின் கதையைக் காப்பிக் காலம், ரப்பர் காலம் என்று இரண்டாகப் பிரிப்பது வழக்கம். முன்னது 19-ஆம் நூற்றாண்டு, பின்னது 20-ஆம் நூற்றாண்டு என்று அதன்மேல் இன்னொரு கோடும் போடப்படுகிறது. சுங்கை ஊஜோங் பகுதியில் 1880-களில் லைபீரியக் காப்பி பரவியது. 1890-களின் பிற்பாதியில் விலை சரியவே, தோட்ட முதலாளிகள் காப்பி வரிசைகளுக்கு நடுவே பால்மரக் கன்றுகளை ஊன்றத் தொடங்கினர். மாற்றம் நடந்த ஆண்டுகள் 1900-ஐச் சுற்றியே அமைந்துவிட்டதால், அந்த ஓர் ஆண்டை எந்தப் பக்கம் வைப்பது என்ற கேள்வி எழுகிறது. இரண்டு எண்ணும் முறைகள் மோதுவதே இக்குழப்பத்திற்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கி.பி. கணக்கை 525-இல் வகுத்தவர் டயோனிசியஸ் எக்சிகுவஸ் என்னும் துறவி. அவருடைய எண்ணிக்கையில் முதல் ஆண்டு 1. அதற்கு முன் சுழி ஆண்டு இல்லை. 1 முதல் 100 வரை முதல் நூற்றாண்டு என்றால், 1801 முதல் 1900 வரை பத்தொன்பதாவது. நடந்துகொண்டிருக்கும் ஆண்டுக்கே எண் இடும் முறை இது.

நம் பஞ்சாங்கக் கணக்கு வேறு. 'சகாப்தம் இத்தனையின் மேல் செல்லாநின்ற' என்று கல்வெட்டுகள் கூறும்போது, எண் முடிந்த ஆண்டுகளைச் சொல்கிறது; நடப்பு ஆண்டு அதற்கு அடுத்தது. குழந்தைக்கு ஒரு வயது என்றால் ஓராண்டு நிறைந்துவிட்டது என்றுதானே பொருள்? கலி ஆண்டும் அப்படியே. 1900 ஏப்ரலில் பிறந்த சார்வரி ஆண்டுக்குரிய கலி எண் 5001. அத்தனை ஆண்டுகள் கழிந்து, 5002-ஆவது ஓடுகிறது என்று பொருள். முடிந்த ஆண்டை எண்ணிப் பழகியவருக்கு '1900' என்ற எண்ணைப் பார்த்ததும் நூறு நிறைந்துவிட்டதாகத் தோன்றுவது இயல்பு.

அந்த மயக்கம் நம்மோடு நிற்கவில்லை. ஜெர்மனியில் கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் ஆட்சியில் 1900 ஜனவரி 1-ஐயே புது நூற்றாண்டின் தொடக்கமாகக் கொண்டாடினார்கள். பிரிட்டனும் அமெரிக்காவும் 1901 ஜனவரி 1 வரை காத்திருந்தன. பிரிட்டிஷ் நிர்வாகத்தில் இருந்த நெகிரி செம்பிலானுக்கும் இந்த இரண்டாவது கணக்கே பொருந்தும். 1901 ஜனவரி 22-இல் மறைந்த விக்டோரியா அரசியார் 20-ஆம் நூற்றாண்டில் மூன்று வாரங்கள் வாழ்ந்தார் என்பது இதன் விளைவு.

சரிபார்க்கும் வழி எளிது. ஆண்டிலிருந்து ஒன்றைக் கழித்து, நூறால் வகுத்து, ஈவோடு ஒன்றைக் கூட்டவேண்டும். 1900-க்கு 1899, ஈவு 18, எனவே 19-ஆம் நூற்றாண்டு. 1901-க்கு ஈவு 19, எனவே 20. சுழியில் முடியும் எல்லா ஆண்டும் தொல்லை தருவதில்லை. மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை முடிவுக்கு வந்த 1910-க்கு ஈவு 19 என்பதால் அது ஐயமின்றி 20-ஆம் நூற்றாண்டு. இரு சுழிகளில் முடியும் ஆண்டுகளில்தான், முதல் இரண்டு இலக்கத்தோடு ஒன்றைக் கூட்டும் மனக்கணக்கு தவறிவிடும்.

தோட்டச் சான்றுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. கிராணியின் ஏடு ஆங்கிலத் தேதியில் இருக்கும். கோயில் கல்லோ கல்லறைப் பலகையோ தமிழ் ஆண்டின் பெயரைத் தாங்கியிருக்கலாம். ரந்தாவ் அல்லது போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டமொன்றில் 'சார்வரி வருஷம்' என்று மட்டும் பொறித்த கல் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். சார்வரி அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்புவது. 1840, 1900, 1960 மூன்றும் அந்தப் பெயரில் தொடங்கியவை. அங்கே தோட்டங்கள் உருவான காலத்தை வைத்து 1840-ஐ நீக்கலாம். எழுத்தமைதியும் பிற சான்றுகளும் 1960-ஐ விலக்கினால் 1900 மிஞ்சும். ஆனால் சார்வரி 1900 ஏப்ரல் முதல் 1901 ஏப்ரல் வரை நீள்வது. நூற்றாண்டு மாறும் ஜனவரி 1 அதன் மார்கழி நடுவில் விழுகிறது. கல்லில் 'ஆனி' என்றிருந்தால் 19-ஆம் நூற்றாண்டு. 'தை' என்றிருந்தால் 20-ஆம் நூற்றாண்டு. 'மார்கழி' என்றிருந்தால் நாளும் தேவை. அதுவும் இல்லையேல் நூற்றாண்டை முடிவுசெய்ய இயலாது.

நடவு ஆண்டு 1900 என்று குறித்த பால்மரக் காட்டுக்கும் இதே நுட்பம் பொருந்தும். மரம் வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டு பிடிக்கும் என்பதால், ஊன்றியது 19-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டில். பால் எடுத்தது 1906 வாக்கில். ஆகவே ரப்பரை முழுக்க 20-ஆம் நூற்றாண்டின் பயிராக எழுதுவது அறுவடைக்குப் பொருந்தலாம், நடவுக்குப் பொருந்தாது. நூற்றாண்டு என்ற சொல்லைப் பயன்படுத்தும் ஆய்வாளர் எந்த நிகழ்வின் தேதி தமக்கு வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்து, பிறகே ஈவைக் கணக்கிடவேண்டும்.