பள்ளி: படுக்கையிலிருந்து இறையில்லம் வரை



"பிள்ளை பள்ளிக்குப் போயிருக்கிறான்" என்று நெய்வேலியில் ஒருவர் சொன்னால், அவன் பாடம் படிக்கப் போனானா, தொழப் போனானா என்று கேட்டுத்தான் தெளிய வேண்டும். அரபியில் 'மஸ்ஜித்' என்றால் ஸஜ்தா செய்யும் இடம். அதில் ஐயத்துக்கு இடமில்லை. நம் முன்னோர் அதற்கு ஈடாக எடுத்துக்கொண்ட தமிழ்ச் சொல்லோ, அவர்கள் கைக்கு வருவதற்கு முன்பே பல நூற்றாண்டுகள் வாழ்ந்துவிட்ட சொல்.

அதன் பழம்பொருள் படுக்கை, உறங்குமிடம். பள்ளியறை, பள்ளியெழுச்சி, பள்ளிகொள்ளுதல் ஆகிய சொற்களில் இன்றும் அப்பொருள் நிற்கிறது. மதுரைக்கு அருகில் மாங்குளம் குன்றின் குகைகளில், துறவிகளுக்காகப் பாறையில் கற்படுக்கைகள் வெட்டப்பட்டுள்ளன. கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்துத் தமிழ்ப் பிராமி எழுத்தில், அங்கே இச்சொல் 'பளி' என்ற வடிவில் பொறிக்கப்பட்டிருக்கிறது. படுக்கையின் பெயர் மெல்ல மெல்ல அது இருந்த உறைவிடத்துக்கும் ஆகி வந்தது.

பிறகு துறவிகளின் மடம் முழுவதும் பள்ளி எனப்பட்டது. நம் கடலூர் மாவட்டத்துத் திருப்பாதிரிப்புலியூரில் பெயர்பெற்ற சமணப் பள்ளி ஒன்று இருந்தது. அப்பர் சைவத்துக்குத் திரும்புமுன் தருமசேனர் என்ற பெயரில் அங்கே வாழ்ந்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விடப்பட்ட நிலத்தைச் சோழர் கல்வெட்டுகள் 'பள்ளிச்சந்தம்' என்கின்றன. துறவிகள் தம் உறைவிடத்தில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்ததால் கல்விச்சாலைக்கும் அப்பெயர் வந்தது என்பது அறிஞர் பலர் கூறும் விளக்கம்.

அடுத்த திருப்பம் மேற்குக் கடற்கரையில் நிகழ்ந்தது. கி.பி. 849இல் கொல்லத்தில், தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவ ஆலயத்துக்கு உரிமைகள் வழங்கிச் செப்பேடு எழுதப்பட்டது. அதில் சாட்சிகளாகக் கையொப்பமிட்டவர்களுள் சிலர் கூஃபி அரபி எழுத்தில் தம் பெயரைப் பொறித்த முஸ்லிம் வணிகர்கள். அதாவது, சைவ வைணவக் கோயில் அல்லாத வழிபாட்டிடத்தைப் 'பள்ளி' என்று அழைக்கும் வழக்கம் அப்போதே வேரூன்றிவிட்டது. கேரளத்தில் இன்றும் தேவாலயம், மஸ்ஜித் இரண்டுக்குமே அப்பெயர்தான்.

நமக்கு நேரான சான்று இராமநாதபுரம் மாவட்டத்துத் திருப்புல்லாணியில் கிடைக்கிறது. அங்குள்ள பெருமாள் கோயிலின் 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு, பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் இருந்த 'பிழார்ப் பள்ளி'க்கு அளித்த கொடையைக் குறிக்கிறது. அது 'சோனகச் சாமந்தப் பள்ளி' என்றும் சுட்டப்படுகிறது. சோனகர் என்பது அரபு வழிவந்த முஸ்லிம்களுக்கு அன்று வழங்கிய பெயர். அதே கோயிலில் தர்ப்பைப் புல்லில் பள்ளிகொண்ட இராமருக்குச் சன்னதி உண்டு. ஒரே வளாகத்தில் இச்சொல்லின் முதற்பொருளும் நம் பொருளும் அருகருகே நிற்கின்றன.

இந்த வரலாறு தெரியாவிட்டால் இரண்டு பிழைகள் நேரும். பழைய கல்வெட்டில் 'பள்ளி' என்று கண்டவுடன் "இங்கே மஸ்ஜித் இருந்தது" என்று நம்மவர் சிலர் எழுதிவிடுகிறார்கள். வேறு சிலரோ, "பள்ளி என்பது சமணச் சொல், ஆகவே இன்றைய பள்ளிவாசல் முன்பு சமணர் இடம்" என்கிறார்கள். சொல் ஒன்றை மட்டும் வைத்து இவ்விரண்டையும் நிறுவ முடியாது. முன்னே நிற்கும் அடைமொழி என்ன, கொடை பெற்றவர் யார், காலம் எது என்று பார்க்க வேண்டும். திருப்புல்லாணிக் கல்வெட்டு மஸ்ஜிதைத்தான் குறிக்கிறது என்று நாம் துணிவதற்குக் காரணம் 'பள்ளி' என்ற சொல் அன்று. 'சோனக' என்ற அடைமொழியே. ஊர்ப்பெயர்களில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே 'பள்ளி' வெறும் சிற்றூரையும் குறிக்கலாம்.

மற்றொரு மயக்கமும் உண்டு. 'பள்' என்றால் தாழ்வு. ஆகவே பள்ளி என்பது தாழ்ந்து பணியும் இடம், ஸஜ்தாவின் நேர் மொழிபெயர்ப்பு என்று மேடைகளில் சொல்லப்படுவதுண்டு. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் மாங்குளத்துக் கற்படுக்கையின் காலத்தில் அச்சொல்லுக்கும் ஸஜ்தாவுக்கும் தொடர்பே இல்லை. அந்தப் பொருளைச் சொல்லின் வேரில் தேட வேண்டியதில்லை. அது அங்கே தொழுதவர்களால் பின்னர் வந்து சேர்ந்தது.

நம் முன்னோர் அரபுச் சொல்லையும் விட்டுவிடவில்லை. அண்டை வீட்டார் அறிந்த சொல்லையும் ஒதுக்கவில்லை. துறவியின் படுக்கைக்கும் கிறிஸ்தவரின் ஆலயத்துக்கும் வழங்கிய பெயரைத் தம் இறையில்லத்துக்குச் சூட்டியதால் அவர்களுடைய தவ்ஹீதுக்குக் குறை ஏதும் வரவில்லை. ஒரு சொல் எங்கே பிறந்தது என்பது ஒன்று. அதைச் சொல்பவர் எதைக் கருதுகிறார் என்பது வேறொன்று. மார்க்கச் சொற்களைக் குறித்து வாதிடும்போது இவ்விரண்டையும் பிரித்தறிய நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம்.