பழைய போன் வாங்குகிறீர்களா? முந்தைய உரிமையாளரின் கணக்கையும் உரையாடல்களையும் முழுமையாக அகற்றுவது எப்படி

வங்காலையில் பழைய போன் ஒன்றை வாங்க நினைப்பவர் மன்னார் பஜாரில் ஒரு கடைக்குப் போகலாம். இல்லையென்றால் ஊருக்குள் புதுப் போன் வாங்கிய ஒருவரிடம் பழையதைக் கேட்டு வாங்கலாம். எங்கு வாங்கினாலும் திரை உடைந்திருக்கிறதா, பற்றரி எவ்வளவு நேரம் நிற்கும், விலையில் குறைக்க முடியுமா என்றுதான் பெரும்பாலும் பார்க்கிறோம். முன்பு வைத்திருந்தவரின் கணக்கு இன்னும் போனுக்குள் இருக்கிறதா என்பதைப் பார்ப்பவர்கள் குறைவு.

எங்கள் பகுதிகளில் இதை அலட்சியமாக விட முடியாது. விடுதலைப் புலிகள் தொடர்பான படங்களை முகநூலில் பகிர்ந்தார்கள் என்ற குற்றச்சாட்டில் 2020, 2021 ஆம் ஆண்டுகளில் தமிழ் இளைஞர்கள் பலர் 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார்கள். வட்ஸ்அப் குழுக்களில் வரும் படங்கள் ஒருவர் திறந்து பார்க்காமலேயே போனில் தரவிறங்கிச் சேமிக்கப்படலாம். அப்படியொரு படம் இருக்கும் போன் கைமாறினால், அது எப்படி வந்தது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அப்போது போனை வைத்திருப்பவர்தான்.

ஆபத்து உங்கள் பக்கமிருந்தும் போகலாம். பழையவரின் கூகுள் கணக்கு போனிலேயே இருந்து, படங்களைச் சேமிக்கும் வசதியும் இயங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் எடுக்கும் படங்கள் அவருடைய கணக்குக்குப் போய்ச் சேரும். நீங்கள் சேமிக்கும் தொலைபேசி இலக்கங்களும் அங்கு போகலாம். போன் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் அவரால் பார்க்க முடியும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் போராட்டத்துக்குப் போய்வரும் ஒரு தாயின் போனில் என்னென்ன இலக்கங்களும் படங்களும் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

‘எல்லாம் அழித்தாயிற்று’ என்றால் என்ன?

விற்பவர் வட்ஸ்அப் செயலியை நீக்கிவிட்டு, கலரியில் இருந்த படங்களையும் அழித்துவிட்டு, ‘போன் கிளீன்’ என்று சொல்வதுண்டு. அது போதாது. செயலியை நீக்கினாலும் அதன் படங்களும் உரையாடல்களின் காப்புப் பிரதியும் போனிலேயே தங்கிவிடலாம். அண்ட்ரொய்ட் போனில் கோப்புகளைப் பார்க்கும் செயலியைத் திறந்து இந்த இடத்தைப் பாருங்கள்:

```
Android/media/com.whatsapp/WhatsApp
```

பழைய போன்களில் WhatsApp என்ற பெயரில் தனிக் கோப்புறையாகவே இருக்கும். கலரியில் அழித்த படங்களும் உடனே போய்விடுவதில்லை. சாம்சுங் போன்களில் அவை Trash என்ற பகுதியில் 30 நாட்கள் வரை இருக்கும்.

சரியான ஒழுங்கு

சாம்சுங் கலக்ஸி ஏ12 போன் ஒன்றை வாங்குவதாக வைத்துக்கொள்வோம். காசு கொடுக்க முன்னர், விற்பவர் முன்னிலையிலேயே இவற்றைச் செய்ய வேண்டும்.

முதலில், தனக்கு வேண்டிய படங்களை எடுத்துவிட்டாரா என்று விற்பவரிடம் கேளுங்கள். இறந்துபோன அல்லது காணாமல் ஆக்கப்பட்ட உறவினரின் ஒரேயொரு படம் அந்தப் போனில்தான் இருக்கக்கூடும். அடுத்து வரும் படிகளைச் செய்த பிறகு அதை மீட்க முடியாது.

இரண்டாவது, சிம்மையும் மெமரி கார்ட்டையும் கழற்றி அவரிடமே கொடுத்துவிடுங்கள். போனை ரீசெட் செய்வதால் மெமரி கார்ட்டில் உள்ளவை அழிவதில்லை. வட்ஸ்அப் கணக்கு போனோடு அல்ல, தொலைபேசி இலக்கத்தோடு இணைந்தது. அவருடைய சிம்மையும் சேர்த்து வாங்கினால் அவர் இருந்த குழுக்களின் செய்திகள் உங்களுக்கு வரத் தொடங்கலாம்.

மூன்றாவது, கணக்குகளை நீக்க வேண்டும். Settings என்பதில் Accounts and backup, பிறகு Manage accounts என்று போனால் எல்லாக் கணக்குகளும் தெரியும். கூகுள் கணக்கையும் சாம்சுங் கணக்கையும் ஒவ்வொன்றாக Remove account கொடுத்து நீக்க வேண்டும். சாம்சுங் கணக்கு கடவுச்சொல் கேட்கும். அதனால்தான் விற்பவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறோம்.

கடைசியில்தான் ரீசெட். Settings, General management, Reset, Factory data reset என்று போங்கள். அழிக்க முன்னர் போன் ஒரு பட்டியலைக் காட்டும். அதில் ஏதாவது கணக்கு இன்னும் தெரிந்தால் நிறுத்திவிட்டு மூன்றாவது படிக்குத் திரும்புங்கள்.

அழிந்துவிட்டதா என்று எப்படி அறிவது?

போன் மீண்டும் இயங்கியதும் இணையத்தோடு இணைத்து, உங்கள் சொந்தக் கணக்கைக் கொண்டு ஆரம்ப அமைப்பை முடியுங்கள். முன்பு இந்தப் போனில் இருந்த கூகுள் கணக்கையோ பழைய திரைப் பூட்டையோ கேட்டால் கணக்கு சரியாக நீக்கப்படவில்லை. அண்ட்ரொய்ட் 5.1 இலிருந்து வந்த இந்தப் பூட்டு, திருடப்பட்ட போனைப் பயனற்றதாக்குவதற்காக உருவாக்கப்பட்டது. போனை அணைத்துவிட்டுப் பொத்தான்களை அழுத்தி ரீசெட் செய்யும்போது இந்தப் பூட்டு விழும்.

‘அதை உடைத்துத் தருகிறோம்’ என்று சொல்லும் கடைகளும் உண்டு. கடவுச்சொல் இல்லாமல் பூட்டை உடைக்க வேண்டிய போன் திருட்டுப் போனாகவும் இருக்கலாம். உடைத்த பூட்டு அடுத்த ரீசெட்டில் திரும்பவும் வரலாம். ஆகவே கடையில் வாங்கும்போது, ‘ஒருமுறை என் கண் முன்னாலே ரீசெட் செய்து காட்டுங்கள்’ என்று கேளுங்கள். மறுத்தால் அந்தப் போன் வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வரும் ஐபோன்

கனடாவிலோ பிரான்ஸிலோ இருக்கும் உறவினர் அனுப்பும் ஐபோன் பல வீடுகளுக்கு வருகிறது. ஆரம்பிக்கும்போது iPhone Locked to Owner என்று காட்டினால் அது அவருடைய கணக்கோடு இன்னும் இணைந்திருக்கிறது. போனைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை. அவர் அங்கிருந்தபடியே iCloud.com/find என்ற தளத்தில் நுழைந்து, போனை அழித்து, பிறகு கணக்கிலிருந்து அகற்றிவிடலாம். அழித்தால் மட்டும் போதாது, அகற்றினால்தான் பூட்டு போகும்.

மிகப் பழைய போன்கள்

அண்ட்ரொய்ட் 10 உடன் வெளிவந்த போன்களில் எல்லாத் தரவும் மறையாக்கம் செய்யப்பட்டே சேமிக்கப்படுகிறது. ஏ12 அந்த வகை. ரீசெட் செய்யும்போது மறையாக்கத்தின் திறவுகோல் அழிந்துவிடுவதால் எஞ்சியிருப்பதை யாராலும் வாசிக்க முடியாது.

2015 இல் வந்த கலக்ஸி ஜே2 போன்றவற்றில் அந்த உறுதி இல்லை. அந்த ஆண்டு வெளியான ஆய்வொன்றுக்காகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பழைய அண்ட்ரொய்ட் பதிப்புகள் கொண்ட 21 பாவித்த போன்களைச் சோதித்தார்கள். ரீசெட் செய்த பிறகும் செய்திகளையும் கூகுள் கணக்கில் நுழையும் விபரங்களையும் அவர்களால் மீட்க முடிந்தது. இப்படிப்பட்ட போனை வாங்கினால், பாதுகாப்பு அமைப்பில் Encrypt phone இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் அதைச் செய்துவிட்டுப் பிறகு ரீசெட் செய்யுங்கள். இல்லாவிட்டால், ரீசெட் செய்து, இடம் நிறையும் வரை வெறும் சுவரை வீடியோ எடுத்து, திரும்பவும் ரீசெட் செய்யுங்கள். பழைய தரவின் பெரும்பகுதி மேலெழுதப்பட்டுவிடும். முழு உத்தரவாதம் இதற்கு இல்லை.

ஒரு துண்டுச் சீட்டு

அழைக்கும் இடத்தில் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐஎம்ஈஐ எண் வரும். அந்த எண், வாங்கிய திகதி, விற்றவரின் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றை எழுதி, விற்றவரின் கையொப்பத்தையும் வாங்கி வையுங்கள். கடையென்றால் எண்ணோடு பற்றுச்சீட்டு கேளுங்கள். அந்தப் போன் எப்போது உங்கள் கைக்கு வந்தது என்று பின்னொரு நாள் யாராவது கேட்டால், காட்டுவதற்கு உங்களிடம் இருப்பது அந்தச் சீட்டு மட்டும்தான்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? இன்றைக்கே Manage accounts பகுதியைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத மின்னஞ்சல் முகவரி இருந்தால், உங்கள் படங்களையும் இலக்கங்களையும் வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு, மேலே சொன்ன ஒழுங்கில் மூன்றாவது படியிலிருந்து தொடங்குங்கள்.